உள்ளே நானூறு, வெளியே இருபது

காலைச் சந்தையில் சோத்தோங் என்று மலாய்ப் பெயரால் கேட்டு நாம் வாங்கி வரும் கணவாயை அடுப்படியில் நீளவாக்கில் பிளந்து பார்த்தால், உட்புறச் சதைச் சுவரில் இருபக்கமும் வெண்ணிற இழைகள் சில விசிறி போல் விரிந்து ஓடுவதைக் காணலாம். சமைப்பவர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. கழுவும் நீரோடு போய்விடும். அவை கணவாயின் நரம்பிழைகள். பகை வந்தால் உடலைச் சட்டெனச் சுருக்கி நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்வதற்கு அவ்விழைகளே ஆணை கொண்டு செல்கின்றன. மனித நரம்பிழை ஒன்றைக் காண உருப்பெருக்கி வேண்டும். கணவாயின் பெருநரம்பிழையோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பருமன் உடையது, வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆங்கிலேய விலங்கியலார் ஜே. இசட். யங் 1936ஆம் ஆண்டில் இவ்விழைகளின் தன்மையை எடுத்துரைத்த பிறகு, உயிரணுவின் மின்சாரத்தைப் பற்றிய ஒரு பழைய வழக்குக்குத் தீர்ப்பு வழங்கும் சாட்சியாக இந்தக் கணவாய் கூண்டில் ஏறிற்று.

அந்த வழக்கு என்ன? உயிருள்ள உயிரணுவின் உட்புறம் வெளிப்புறத்தைக் காட்டிலும் எதிர்மின் நிலையில் இருக்கிறது. இது ஏன் என்பதே கேள்வி. வெட்டுப்பட்ட தவளைத் தசையில், வெட்டிய முகத்துக்கும் முழுமையான மேற்பரப்புக்கும் இடையே மின்னோட்டம் உண்டு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கண்டிருந்தனர். வெட்டுக் காயம்தான் அம்மின்சாரத்தை உண்டாக்குகிறது என்றார் சிலர். காயத்துக்கு முன்பே அது அங்கே இருக்கிறது, காயம் அதை வெளிக்காட்டுகிறது, அவ்வளவே என்றார் வேறு சிலர். அளவு இல்லாத வாதம் என்பதால் அது பல்லாண்டுகள் நீண்டது.

அளவு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1889ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்ற இளம் வேதியியலார் மின்கலங்களைப் பற்றி ஆராய்ந்து ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். அவர் தசையையோ நரம்பையோ நினைத்து எழுதவில்லை. உலோகத் தகடும் உப்புக்கரைசலும்தான் அவருடைய பொருள். ஆயினும் அவருடைய எண்ணத்தை உயிரணுவின் மேல் வைத்துப் பார்ப்பது எளிது.

ஒரு சவ்வின் இருபுறமும் பொட்டாசியம் கரைந்த நீர் இருப்பதாகக் கொள்வோம். உள்ளே மிகுதி, வெளியே குறைவு. அந்தச் சவ்வு பொட்டாசியத்தை மட்டுமே விடும். வேறு எதையும் விடாது. மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுவது கரைபொருளின் இயல்பு. ஆகவே பொட்டாசியம் வெளியேறத் தொடங்கும். ஆனால் பொட்டாசியம் அயனி ஒவ்வொன்றும் ஒரு நேர்மின்னூட்டத்தைச் சுமந்து செல்கிறது. அதற்கு இணையாக உள்ளே இருந்த எதிர்மின் அயனியோ சவ்வைக் கடக்க முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. இதனால் உட்புறம் சிறிது சிறிதாக எதிர்மின் நிலை அடைகிறது. அந்த எதிர்மின் நிலை, வெளியேறப் பார்க்கும் பொட்டாசியத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. செறிவு வெளியே தள்ளுகிறது. மின்விசை உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் நிலையில், வெளியே போகும் அயனிகளும் உள்ளே வரும் அயனிகளும் எண்ணிக்கையில் ஒத்துவிடுகின்றன. அந்த நிலையில் சவ்வின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தமே பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம்.

நெர்ன்ஸ்ட் சமன்பாடு அதன் அளவைக் கூறுகிறது. ஏறத்தாழ 20 பாகை செல்சியசு வெப்பநிலையில், மில்லிவோல்ட் கணக்கில், அதை இப்படி எழுதலாம்:

E = 58 × log (வெளிச்செறிவு ÷ உட்செறிவு)

இதில் உள்ள 58 என்னும் எண் பொட்டாசியத்துக்கே உரிய மந்திர எண் அன்று. வாயு மாறிலி, தனி வெப்பநிலை, ஒரு மோல் மின்னூட்டத்தின் அளவு ஆகிய மூன்றும் சேர்ந்து தருவது அது. ஒற்றை நேர்மின்னூட்டம் உடைய எந்த அயனிக்கும் அதுவேதான். வெப்பநிலை ஏறினால் அதுவும் ஏறும்; மனித உடலின் 37 பாகையில் 61.5 ஆகிவிடும். மடக்கை இடம்பெறுவதைக் கவனிக்க வேண்டும். செறிவு ஒவ்வொரு முறை பத்து மடங்காகும்போதும் மின்னழுத்தம் 58 மில்லிவோல்ட் மட்டுமே மாறுகிறது. கணக்கில் நுழைவது எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்பது அன்று. இருபக்கத்துக்கும் இடையே உள்ள விகிதம்தான்.

இந்தச் சமன்பாட்டை உயிரணுவுக்குக் கொண்டுவந்தவர் யூலியுசு பெர்ன்ஸ்டைன். பெர்லினில் 1839இல் பிறந்து, ஹாலே பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் உடலியல் கற்பித்தவர். அவர் தந்தை ஆரோன் பெர்ன்ஸ்டைன், எளிய மக்களுக்காக அறிவியலை எளிய நடையில் எழுதிப் புகழ்பெற்றவர். சிறுவனாக இருந்த ஐன்ஸ்டைன் விரும்பிப் படித்தது அவருடைய நூல்களையே. மகன் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தசையின் சவ்வு ஓய்வு நிலையில் பொட்டாசியத்தை மட்டும் விட்டு, பாஸ்பேட்டு போன்ற எதிர்மின் அயனிகளைத் தடுக்கிறது என்றும், ஓய்வு மின்னழுத்தம் அதன் விளைவே என்றும் வாதிட்டார்.

அவர் இதை எப்படிச் சோதித்தார் என்பது சுவையான செய்தி. உயிரணுவின் உள்ளே கம்பி செலுத்த அன்று வழியில்லை. ஆனால் சமன்பாட்டின்படி மின்னழுத்தம் தனி வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏற வேண்டும் அல்லவா? ஆகவே தவளைத் தசையைக் குளிர்வித்தும் வெதுவெதுப்பாக்கியும் காய மின்னோட்டத்தை அளந்தார். தனி வெப்பநிலை என்பது உறைநிலைக்கும் கீழே 273 பாகையிலிருந்து எண்ணப்படுவதால், உறைநிலையிலிருந்து 20 பாகைக்கு ஏற்றினாலும் எதிர்பார்க்கக்கூடிய மாற்றம் நூற்றுக்கு ஏழளவே. அந்தச் சிறு மாற்றத்தை அளந்து, அது கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போவதைக் காட்டினார். என் கருத்தில், அந்தக் காலக் கருவிகளைக் கொண்டு செய்த வேலை என்ற அளவில் இது பெரிது. சான்று என்ற அளவில் இது பாதிதான். செறிவு வேறுபாட்டினால் உண்டாகும் மின்சாரம் எதுவாயினும் வெப்பநிலைக்கு இப்படித்தான் பணியும். அது பொட்டாசியம்தான் என்று வெப்பமானி சொல்லாது. அதைச் சொல்லவேண்டுமானால் பொட்டாசியத்தின் செறிவையே மாற்றிப் பார்க்க வேண்டும். இழையின் உள்ளேயும் வெளியேயும் நேரடியாக மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

இனிக் கணவாயிடம் திரும்புவோம். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர் பெருநரம்பிழையோடு பணியாற்றினர். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 21. முதலில் ஹக்ஸ்லி இழையின் உட்பொருள் எவ்வளவு இளகியது என்றறிய அதனுள் பாதரசத் துளியை விழச் செய்து பார்த்தார். துளி விழவில்லை, உட்பொருள் கூழ் போல் உறைந்திருந்தது. அந்த முயற்சி கைகூடாமல் போகவே, இழையை நிமிர்த்தி நிறுத்தி, அதன் வெட்டுமுனை வழியாக மெல்லிய கண்ணாடி நுண்குழாய் ஒன்றை நீளவாக்கில் உள்ளே இறக்கினர். சுவரில் உராய்ந்தால் இழை கெட்டுவிடும். நடுவிலேயே இறங்க வேண்டும். நுண்குழாயில் ஓர் மின்முனை, வெளியே கடல்நீரில் மற்றொன்று. முதல்முறையாக உயிருள்ள நரம்பிழையின் உள்ளிருந்து நேரடியாக மின்னழுத்தம் படிக்கப்பட்டது.

காயம் உண்டாக்கிய மின்சாரமா, முன்பே இருந்ததா என்ற வழக்கு அன்றோடு முடிந்தது எனலாம். சவ்வு முழுமையாக இருக்கும்போதே உட்புறம் எதிர்மின் நிலையில் இருந்தது. ஆனால் எவ்வளவு? இங்கேதான் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கணவாய் நரம்பிழையின் உட்பொருளைப் பிழிந்தெடுத்துப் பகுத்துப் பார்த்தால், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. கணவாயின் குருதியில் ஏறத்தாழ 20. விகிதம் இருபதில் ஒன்று. இருபதின் மடக்கை 1.301, அதை 58ஆல் பெருக்க 75.5 வருகிறது. வெளிச்செறிவு சிறியது என்பதால் குறி எதிர்க்குறி. ஆக, கணவாயின் உடலில் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் கழித்தல் 75 மில்லிவோல்ட் அளவில் நிற்கிறது. ஆய்வுக்கூட மேசையிலோ இழை குருதியில் இல்லை, கடல்நீரில் கிடக்கிறது. கடல்நீரில் பொட்டாசியம் ஏறத்தாழ 10 மில்லிமோல்தான். விகிதம் நாற்பதில் ஒன்றாகிறது. கணக்கு கழித்தல் 93 மில்லிவோல்ட் என்கிறது.

அளவுகோல் காட்டியதோ கழித்தல் 50க்கு அருகில். இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கண்டு பெர்ன்ஸ்டைனைத் தள்ளிவிடுவதா? அதற்கு முன் அளவுகோலையே ஐயுற வேண்டியிருந்தது. நுண்குழாயில் இருந்த கடல்நீர் இழையின் உட்கூழைத் தொடும் இடத்தில் ஒரு சிறு மின்னழுத்தம் தானாகவே தோன்றுகிறது. கடல்நீரின் குளோரைடு அயனி விரைந்து நகரும். உட்கூழின் பெரிய எதிர்மின் அயனிகள் மெல்ல நகரும். இந்த ஏற்றத்தாழ்வினால் அளவில் பத்துப் பதினைந்து மில்லிவோல்ட் மறைந்துபோகிறது. அதைத் திருத்திச் சேர்த்தால் ஓய்வு மின்னழுத்தம் கழித்தல் 60க்கும் 65க்கும் இடையே வருகிறது. இன்னும் கழித்தல் 93 ஆகவில்லை. பிழை கருவியில் ஒரு பகுதிதான். மற்றப் பகுதி கருத்தில் இருந்தது.

அது எங்கே என்பதை, வெளிநீரின் பொட்டாசியத்தைப் படிப்படியாக மாற்றிப் பார்த்த சோதனைகள் காட்டின. கர்ட்டிசும் கோலும் அமெரிக்காவில் 1942இல் கணவாய் இழையில் இதைச் செய்தனர். பிற்பாடு ஹாட்ஜ்கினும் ஹோரோவிட்சும் 1959இல் தவளைத் தசையிழை ஒன்றைத் தனியே பிரித்தெடுத்துச் செய்தனர். பொட்டாசியத்தை மிகுதியாக வைத்த பகுதியில் அளவுகள் நெர்ன்ஸ்ட் கோட்டை ஒட்டிச் செல்கின்றன. பொட்டாசியத்தைக் குறைக்கக் குறைக்க, கோடு கீழே இறங்கிக்கொண்டே போக, அளவுகளோ பின்தங்கி வளைந்து படுத்துவிடுகின்றன. இந்த வளைவே விடை. சவ்வு பொட்டாசியத்தை மட்டும் விடுகிறது என்பது முழு உண்மை அன்று. சோடியத்தையும் கொஞ்சம் விடுகிறது. வெளியே பொட்டாசியம் நிறைய இருக்கும்போது அந்தச் சிறு கசிவு கணக்கில் தெரிவதில்லை. பொட்டாசியம் அருகிப்போனால், கசிவு தன்னைக் காட்டிக்கொள்கிறது.

தவளைத் தசையை வைத்து இதை எண்ணிப் பார்ப்போம். உள்ளே பொட்டாசியம் 140, வெளியே 2.5. நெர்ன்ஸ்ட் கணக்கு கழித்தல் 101 மில்லிவோல்ட் தருகிறது. சோடியம் வெளியே 120. பொட்டாசியத்துக்குத் திறக்கும் அளவில் நூற்றில் ஒரு பங்குதான் சவ்வு சோடியத்துக்குத் திறக்கிறது என்று கொண்டால், வெளிச்செறிவு 2.5 என்பதற்குப் பதிலாக 2.5உடன் 1.2ஐக் கூட்டி 3.7 என்று போட வேண்டும். இப்போது கணக்கு கழித்தல் 91.5 ஆகிறது. அளந்தால் கிடைப்பதும் தொண்ணூறை ஒட்டிய எண்ணே. நூற்றில் ஒரு பங்குக் கசிவு பத்து மில்லிவோல்ட்டைத் தின்றுவிடுகிறது! கணவாய் இழையில் இந்தக் கசிவு நூற்றுக்கு நான்களவு; அதனால்தான் அங்கே இடைவெளி இன்னும் அகலம்.

ஆகவே சமநிலை மின்னழுத்தம் என்பது உயிரணு நிற்கும் இடம் அன்று. பொட்டாசியம் மட்டும் தனித்து ஆண்டால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் காட்டும் எல்லைக்கல். அதற்கும் அளந்த எண்ணுக்கும் இடையே உள்ள தொலைவு வேறு எந்த அயனிக்கு எவ்வளவு வழி திறந்திருக்கிறது என்று சொல்கிறது. தாம் கண்ட சமன்பாடு இப்படி ஒரு துப்பறியும் கருவியாகும் என்று நெர்ன்ஸ்ட் எண்ணியிருக்க மாட்டார். கணவாய் இழை ஆணை கொண்டு செல்லும் நொடியில் உட்புறம் சுழியத்தோடு நில்லாமல் நேர்மின் நிலைக்கே தாவுவதை 1939இல் இருவரும் கண்டனர். அது சோடியத்தின் எல்லைக்கல்லை நோக்கிய பாய்ச்சல் என்று 1949இல் தெளிவானதும் இதே கருவியின் துணையால்தான். அது தனிக் கதை.

ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. உள்ளே இருப்பதாகச் சொல்லும் 400 மில்லிமோல் பொட்டாசியம் உண்மையில் கட்டுப்படாமல் திரிகிறதா, அல்லது புரதங்களோடு பிணைந்து கிடக்கிறதா? பிணைந்திருந்தால் விகிதம் பொய்யாகும், கணக்கும் பொய்யாகும். ஹாட்ஜ்கினும் கெயின்சும் 1953இல் மற்றொரு வகைக் கணவாயின் இழைக்குள் கதிரியக்கப் பொட்டாசியத்தைப் புகுத்தி, நீளவாக்கில் மின்புலம் செலுத்தி, அது நகரும் விரைவை அளந்தனர். வெறும் உப்புநீரில் நகர்வது போலவே நகர்ந்தது. 1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் இன்னும் துணிந்து, இழையின் உட்கூழையே உருளையால் உருட்டிப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு, சவ்வை மட்டும் உறையாக வைத்துக்கொண்டு பொட்டாசிய உப்புக்கரைசலால் நிரப்பினர். ஓய்வு மின்னழுத்தம் திரும்பி வந்தது. வெளியே பொட்டாசியத்தை மிகுத்து உள்ளே சோடியம் வைத்தபோது, உட்புறம் நேர்மின் நிலை அடைந்தது. உட்கூழில் இருந்த வேறு எந்தப் பொருளும் இதற்குத் தேவைப்படவில்லை. பெர்ன்ஸ்டைன் 1917இலேயே மறைந்துவிட்டார். இதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இவ்வளவு மின்னழுத்தத்தை உண்டாக்க எவ்வளவு பொட்டாசியம் வெளியேற வேண்டும் என்று கேட்கலாம். சவ்வு ஒரு மின்தேக்கி. ஒரு சதுரசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோபேரட்டு மின்னைத் தாங்கும். அரை மில்லிமீட்டர் இழையில் 75 மில்லிவோல்ட் ஏற்றுவதற்கு, உள்ளே இருக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய அறுபத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்கு வெளியேறினால் போதும். உட்செறிவு 400ஆகவே நிற்கிறது. அதனால்தான் இருபக்கச் செறிவையும் மாறாதவை எனக் கொண்டு கணக்கிடுவது முறையாகிறது. ஆனால் கசிவு ஓயாது நடப்பதால், நாட்கணக்கில் விகிதம் தேய்ந்துவிடாதபடி காக்க, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்வாங்கும் இறைப்பான் ஒன்று சவ்வில் ஓயாமல் வேலை செய்கிறது. அதை நஞ்சிட்டு நிறுத்தினாலும் பெருநரம்பிழையின் மின்னழுத்தம் உடனே விழுவதில்லை. இறைப்பான் செறிவைக் காக்கிறது. மின்னழுத்தத்தை உண்டாக்குவது பெரும்பாலும் செறிவுதான்.

கடற்கரை ஆய்வுக்கூடத்துக் கணக்கு நம் மருத்துவமனைக் கட்டில் வரை வந்து சேருகிறது. மனிதத் தசையணுவின் உள்ளே பொட்டாசியம் ஏறத்தாழ 140, குருதிநீரில் 4. உடலின் வெப்பநிலையில் கணக்கு கழித்தல் 95 மில்லிவோல்ட். சிறுநீரகம் செயலிழந்த நோயாளி ஒருவருக்குக் குருதிப் பொட்டாசியம் 8க்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கூடியது நான்கே மில்லிமோல். உள்ளே நான்கு கூடினால் கணக்கில் தெரியவே தெரியாது. வெளியே நான்கு கூடினால் விகிதம் பாதியாகிறது. சமநிலை மின்னழுத்தம் கழித்தல் 76 ஆகிவிடுகிறது. பதினெட்டு மில்லிவோல்ட் மேலேறி நிற்கும் இதயத் தசையில் சோடிய வாயில்களில் பல, அடைபட்டவை திறக்க முடியாத நிலையில் சிக்கிக்கொள்கின்றன. துடிப்பின் அலை மெல்ல ஊர்கிறது. இதய மின்வரைபடத்தில் ஓர் அலை கூரிய முனையோடு உயர்கிறது, மற்றவை அகன்று பரவுகின்றன, முடிவில் இதயம் நின்றுவிடலாம். மிகுந்த பொட்டாசியம் தவளையின் இதயத்தை நிறுத்திவிடும் என்பதை இலண்டனில் சிட்னி ரிங்கர் 1880களிலேயே கண்டிருந்தார். காரணத்தின் கணக்குத்தான் பின்னால் வந்தது.

அத்தகைய நோயாளிக்கு மருத்துவர் முதலில் கால்சியம் ஊசி போடுவார். அது பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைப்பதில்லை. இதயம் தடுமாறாமல் சற்று நேரம் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு இன்சுலினும் குளுக்கோசும். இன்சுலின் இறைப்பானை முடுக்கி, குருதியில் உள்ள பொட்டாசியத்தை அணுக்களுக்குள் தள்ளுகிறது. உடலை விட்டு ஒன்றும் வெளியேறாமலே வெளிச்செறிவு இறங்கி, விகிதம் சீராகிறது. மிகுதியானதை உண்மையில் வெளியேற்றுவது பின்னர் சிறுநீரின் வேலை. சிறுநீரகம் கைவிட்டால் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வேலை.

இதில் ஒரு பொறியும் உண்டு. குருதியின் செவ்வணுக்களுக்குள் பொட்டாசியம் நூறு மில்லிமோல் அளவில் நிறைந்திருக்கிறது. குருதி எடுக்கும்போது ஊசி வழியாக வலிந்து இழுத்தாலோ குப்பியைக் குலுக்கினாலோ சில அணுக்கள் உடைந்து, உள்ளிருந்தது வெளியே கலந்துவிடும். அப்போது ஆய்வுக்கூடம் 7 என்றோ 8 என்றோ எழுதி அனுப்பும். நோயாளியின் உடலிலோ 4தான் இருக்கும். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய குருதிநீர் இளஞ்சிவப்பாக இருந்தால் அதுவே முதல் அடையாளம். இதய மின்வரைபடம் பழுதின்றி இருந்தால் ஐயம் வலுக்கும். அந்நிலையில் நோயாளியின் கையை இறுகக் கட்டாமல், மெல்ல, மீண்டும் ஒரு குப்பி குருதி எடுத்து அனுப்புகிறார்கள்.